கால்குலேட்டர் இல்லாத ஹாலில் தள்ளுபடி காரணி: பி.வி. டேபிளா, அனுயிட்டி டேபிளா, கைக்கணக்கா?

மதுரைப் பக்கம் பி.காம்., எம்.காம். படிக்கிற பிள்ளைகளிடம் மூலதன வரவுசெலவுக் கணக்கு என்றாலே ஒரு சண்டை நடக்கும். கேள்வித்தாளோடு அச்சடித்த அட்டவணையைக் கொடுத்துவிட்டு, கால்குலேட்டரை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிற தேர்வு என்றால், எந்த வழியில் போவது என்பதுதான் சண்டை. ஒரு கூட்டம், பின்னால் வரப்போகிற பணத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றுகிற தள்ளுபடி காரணியை வருஷம் வருஷமாக எடுத்துப் பெருக்கும். இன்னொரு கூட்டம் அனுயிட்டி டேபிளில் ஒரே எண்ணை எடுத்து ஒரே பெருக்கலில் முடித்துவிடும். மூன்றாவதாகச் சிலர் இருக்கிறார்கள், அட்டவணையைப் பார்ப்பதே கேவலம் என்று நினைப்பவர்கள், 1.12-ஐ வைத்துக் கையாலேயே வகுத்துக்கொண்டு இருப்பார்கள். மூன்று பேருமே சரியான விடைக்கு வரலாம். ஆனால் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பது ஆளுக்கு ஆள் வேறு, அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

ஒரே கணக்கை மூன்று வழியிலும் போட்டுப் பார்ப்போம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி வியாபாரம் செய்கிற ஒருவர் சின்னதாக ஒரு குளிரறை போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு 4,00,000 ரூபாய், இன்றைக்கே கொடுக்க வேண்டும். அதனால் பூ வாடாமல் மிச்சமாகிற பணம் வருஷத்துக்கு 1,10,000, ஐந்து வருஷத்துக்கு. ஐந்தாம் வருஷ முடிவில் இயந்திரத்தைப் பழைய விலைக்குத் தள்ளிவிட்டால் 30,000 கிடைக்கும். தள்ளுபடி விகிதம் 12%. வரவுகளின் இன்றைய மதிப்பிலிருந்து செலவைக் கழித்தால் நிற்கிற நிகர தற்போதைய மதிப்பு, அதாவது என்.பி.வி., என்ன?

அட்டவணையில் நமக்கு வேண்டிய 12% பத்தியை மட்டும் இங்கே எடுத்து வைக்கிறேன். பி.வி. டேபிள் என்பது, அந்த வருஷ முடிவில் ஒரே ஒரு தடவை கிடைக்கிற ஒரு ரூபாய்க்கு இன்றைய மதிப்பு. அனுயிட்டி டேபிள் என்பது, முதல் வருஷத்திலிருந்து அந்த வருஷம் வரை ஒவ்வொரு வருஷ முடிவிலும் ஒரு ரூபாய் வந்தால், மொத்தத்துக்கும் சேர்த்து இன்றைய மதிப்பு.

| ஆண்டு | பி.வி. டேபிள், 12% | அனுயிட்டி டேபிள், 12% |
|---|---|---|
| 1 | 0.893 | 0.893 |
| 2 | 0.797 | 1.690 |
| 3 | 0.712 | 2.402 |
| 4 | 0.636 | 3.037 |
| 5 | 0.567 | 3.605 |

வருஷம் வருஷமாகப் போகிறவர்கள்

இவர்கள் முதலில் நாலு பத்தி கோடு போடுவார்கள்: ஆண்டு, ரொக்க வரவு, காரணி, தற்போதைய மதிப்பு. லட்சத்தை அப்படியே எழுதாமல் ஆயிரத்தில் எழுதிக்கொண்டால் பாதித் தொல்லை குறையும், 1,10,000 என்பது 110. அப்புறம் 110-ஐ 0.893-ஆல் பெருக்கினால் 98.23, 0.797-ஆல் 87.67, 0.712-ஆல் 78.32, 0.636-ஆல் 69.96, 0.567-ஆல் 62.37. கூட்டினால் 396.55. கடைசி வருஷத்து 30-ஐ 0.567-ஆல் பெருக்கினால் 17.01. மொத்தம் 413.56, செலவு 400 போக 13.56, அதாவது 13,560 ரூபாய் என்.பி.வி.

இந்த வழியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மெதுவானது, அவ்வளவுதான். ஆறு பெருக்கல், ஒரு நீளமான கூட்டல். கைக்கணக்கில் தப்பு வருவது பெரும்பாலும் பெருக்கலில் அல்ல, அந்தக் கூட்டலில்தான், தசமப் புள்ளி ஒன்றின் கீழ் ஒன்று நிற்காமல் சாய்ந்துவிட்டால் போச்சு. ஒரு நல்லது என்னவென்றால், ஒரு வரி தப்பினாலும் மற்ற வரிகள் சரியாக இருப்பது திருத்துபவர் கண்ணுக்குத் தெரியும். வரவு வருஷத்துக்கு வருஷம் மாறுகிற கணக்குக்கு இயல்பாகவே இதுதான் வழி என்று எல்லோரும் சொல்வார்கள். அதுவும் முழுக்க உண்மையில்லை, கீழே வருகிறேன்.

ஒரே பெருக்கலில் முடிக்கிறவர்கள்

வரவு வருஷாவருஷம் ஒரே தொகை. அதனால் அனுயிட்டி டேபிளில் ஐந்தாம் வரிசை, 12% பத்தி, 3.605. 110-ஐ 3.605-ஆல் பெருக்கினால் 396.55. அங்கே ஐந்து பெருக்கலும் ஒரு கூட்டலும் கொடுத்த அதே எண் இங்கே ஒரே வரியில் வந்துவிட்டது. பழைய விலைக்கு மட்டும் பி.வி. டேபிளுக்குத் திரும்பிப் போய் 0.567 எடுத்து, 17.01. முடிந்தது.

இங்கே விழுகிற குழி ஒன்றுதான், ஆனால் பெரிய குழி. ஐந்தாம் வருஷ வரவு 110-ம் பழைய விலை 30-ம் சேர்ந்து 140 ஆகிறதே என்று பார்த்துவிட்டு, சிலர் 140-ஐ 3.605-ஆல் பெருக்கிவிடுவார்கள், இல்லையென்றால் 30-ஐத் தனியாக 3.605-ஆல் பெருக்குவார்கள். இரண்டுமே ஒன்றுதான், அந்த 30 ஐந்து வருஷமும் வருவதாக ஆகிவிடுகிறது. 30-க்கு 108 கிடைக்கும். முப்பதாயிரம் ரூபாய் பழைய இரும்புக்கு இன்றைய மதிப்பு ஒரு லட்சத்துக்கு மேல் என்று எழுதி வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறவர்களை என்ன செய்வது! ஒரு தடவை மட்டும் வருகிற பணத்தின் இன்றைய மதிப்பு அந்தப் பணத்தைவிடப் பெரிதாக வரவே முடியாது. பி.வி. டேபிளில் ஒன்றுக்கு மேல் ஒரு எண்ணும் இருக்காது. கையில் எடுத்த காரணி ஒன்றுக்கு மேல் இருந்தால் நீங்கள் அனுயிட்டி டேபிளில் இருக்கிறீர்கள், அல்லது அதற்கடுத்த பக்கத்தில் கூட்டுவட்டிக்காக அச்சடித்திருக்கிற எதிர்கால மதிப்பு அட்டவணைக்குப் போய்விட்டீர்கள்.

"அண்ணே, அஞ்சு வரியையும் எழுதலைன்னா மார்க் குறைப்பாங்களா?" இதைக் கேட்காத பிள்ளை கிடையாது. காரணி எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் எழுதிவிடு தம்பி, 'அனுயிட்டி டேபிள், 12%, 5 ஆண்டு, 3.605' என்று ஒரு வரி போதும் என்பேன். கேள்வியே 'ஆண்டுவாரியாகக் காட்டுக' என்று கேட்டிருந்தால் ஒழிய, சம வரவுக்கு ஐந்து வரி எழுதுவது நேரத்தை வீணடிப்பதுதான்.

இரண்டு வழிக்கும் விடையில் ஒரு ரூபாய், பத்து ரூபாய் வித்தியாசம் வந்தால் பதற வேண்டாம். 12%-க்கு ஐந்து வருஷக் காரணிகளையும் கூட்டினால் சரியாக 3.605 வருகிறது. நாலு வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்கள், 3.038 வரும், அட்டவணையில் 3.037. 10% பத்தியில் 0.909, 0.826, 0.751, 0.683, 0.621 ஐந்தையும் கூட்டினால் 3.790, அனுயிட்டி டேபிளில் 3.791. அச்சுப்பிழை இல்லை. ஒவ்வொரு காரணியையும் தனித்தனியாக மூன்று தசமத்துக்கு முழுமையாக்கிவிட்டுக் கூட்டுவது ஒன்று, முழு எண்ணையும் கூட்டிவிட்டுக் கடைசியில் முழுமையாக்குவது இன்னொன்று. அனுயிட்டி டேபிள் இரண்டாவது மாதிரி போட்டது, அதனால் கூடுதல் துல்லியம் அதற்குத்தான். ஒரு லட்சம் ரூபாய்க்கு இதனால் வருகிற வித்தியாசம் 100 ரூபாய். அதை அடித்துத் திருத்தி இன்னொரு தடவை கூட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வரிசையும் பத்தியும் மாறிப்போனால்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இரண்டு அட்டவணைக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இங்கேதான் தெரிகிறது. அவசரத்தில் 5-ஆம் வரிசை 12% பத்தி என்பதை 12-ஆம் வரிசை 5% பத்தி என்று படித்துவிட்டால் என்ன ஆகும்? பி.வி. டேபிளில் அந்த இடத்தில் இருப்பது 0.557. நமக்கு வேண்டியது 0.567. இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்கள், பார்த்தால் ஒரு சந்தேகமும் வராது. 30-ஐ 0.557-ஆல் பெருக்கினால் 16.71, சரியான விடை 17.01. முந்நூறு ரூபாய் குறைந்திருக்கிறது, யாருக்கும் தெரியாது. வட்டியும் காலமும் இடம் மாறினாலும் பெருக்குத்தொகை இரண்டிலும் அதே அறுபதுதான் என்பதால் காரணிகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கேள்வித்தாளில் 10%, 8 வருஷம் என்று வந்தாலும் இதே ஆபத்துதான், 0.467-க்குப் பதில் 0.463.

அனுயிட்டி டேபிளில் இதே தப்பைச் செய்தால் உடனே கத்திவிடும். 12-ஆம் வரிசை 5% பத்தியில் இருப்பது 8.863. ஐந்து வருஷம் வருஷத்துக்கு ஒரு ரூபாய் வந்தால் மொத்தமே ஐந்து ரூபாய்தான், அதன் இன்றைய மதிப்பு எட்டே முக்கால் ரூபாய்க்கு மேல் என்றால் நடக்கிற கதையா? அனுயிட்டி காரணி எப்போதுமே வருஷ எண்ணிக்கையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பி.வி. டேபிளுக்கு இப்படி ஒரு காவல் இல்லை.

ஆனால் இரண்டையும் ஒன்றோடு ஒன்று மோதவிட்டால் ஒரு நல்ல காவல் கிடைக்கிறது. அனுயிட்டி காரணியை வட்டியால் பெருக்கி, ஒன்றிலிருந்து கழித்தால், அதே வருஷத்து பி.வி. காரணி வரவேண்டும்:

```
1 − 0.12 × 3.605 = 1 − 0.4326 = 0.5674
```

0.567 என்று எடுத்திருந்தால் சரி. 0.557 என்று எடுத்திருந்தால் இங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். பக்கத்துப் பத்திக்குப் போய் 13%-இல் 3.517-ம் 0.543-ம் எடுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள், 0.12-ஐ 3.517-ஆல் பெருக்கினால் 0.422, ஒன்றிலிருந்து கழித்தால் 0.578, கையில் இருப்பதோ 0.543. பிடிபட்டது. கேள்வியில் இருக்கிற வட்டியைத்தான் பெருக்குகிறோம், எடுத்த பத்தியின் வட்டியை அல்ல, அதனால்தான் பத்தி மாறியதும் தெரிந்துவிடுகிறது. மூன்றாம் தசமத்தில் ஒன்று கூடக் குறைய இருந்தால் கண்டுகொள்ள வேண்டாம், முழுமையாக்கியதால் வருவது அது. இந்தச் சோதனைக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. வருஷம் வருஷமாகப் போகிறவர்களும் கடைசியில் இதை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம், ஐந்தாம் வருஷக் காரணியை மட்டுமாவது உறுதி செய்துகொள்ளலாம்.

இதற்காகவே நான் அனுயிட்டி டேபிள் பக்கம் சாய்கிறவன். வேகம் எல்லாம் அப்புறம்.

வரவு ஏறி இறங்கினால்

மல்லி வியாபாரத்தில் வருஷாவருஷம் ஒரே மிச்சம் வரும் என்று எந்த வியாபாரியும் ஒப்புக்கொள்ள மாட்டார். பனிக்காலத்தில் வரத்து குறைந்து விலை எங்கேயோ போகும், வெயில் காலத்தில் கூடை கூடையாக வந்து குவியும். அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றுவோம். முதல் வருஷம் 70, அப்புறம் நாலு வருஷமும் 120 என்று இருந்தால்?

இங்கே அனுயிட்டி கோஷ்டி பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள். தேவையே இல்லை. 120 வருவது இரண்டாம் வருஷத்திலிருந்து ஐந்தாம் வருஷம் வரை, ஆகவே ஐந்து வருஷக் காரணியிலிருந்து முதல் வருஷக் காரணியைக் கழித்தால் போதும். 3.605 கழித்தல் 0.893, 2.712. 120-ஐ 2.712-ஆல் பெருக்கினால் 325.44. முதல் வருஷம் 70-ஐ 0.893-ஆல் பெருக்கினால் 62.51. பழைய விலை 17.01. மொத்தம் 404.96, என்.பி.வி. 4,960 ரூபாய். நாலு வருஷம்தானே என்று நாலாம் வரிசைக் காரணி 3.037-ஐ எடுத்து 120-ஐப் பெருக்குவதுதான் இங்கே வழக்கமாக நடக்கிற தப்பு. அந்த 3.037 முதல் வருஷத்திலிருந்து நாலாம் வருஷம் வரைக்கும் உள்ளது, நம் பணமோ ஒரு வருஷம் தள்ளி வருகிறது. அப்படிப் போட்டால் 364.44 வந்து, கிட்டத்தட்ட 39,000 ரூபாய் லாபத்தைக் காற்றிலிருந்து உண்டாக்கிவிடும்.

சரி, ஐந்து வருஷமும் ஐந்து விதமாக இருந்தால்? 70, 120, 105, 130, 90 என்று வைத்துக்கொள்வோம், பழைய விலை அதே 30. இங்கே வருஷம் வருஷமாகத்தான் போகவேண்டும் என்று புத்தகம் சொல்லும், போனால் 62.51, 95.64, 74.76, 82.68, 51.03, பழைய விலை 17.01, மொத்தம் 383.63. செலவைவிடக் குறைவு, என்.பி.வி. கழித்தல் 16,370. குளிரறை வேண்டாம்.

ஆனால் 105-ஐ 0.712-ஆல் பெருக்குவதும் 130-ஐ 0.636-ஆல் பெருக்குவதும் தாளின் ஓரத்தில் இடத்தைத் தின்கிற வேலை. அதற்குப் பதில், வருஷத்துக்கு 100 நிலையாக வருவதாக வைத்து 3.605-ஐப் பெருக்குங்கள், 360.5, பெருக்கல்கூட இல்லை, புள்ளியை இரண்டு இடம் தள்ளினால் போதும். அப்புறம் நூறுக்கு மேலேயும் கீழேயும் உள்ளதை மட்டும் சரிசெய்யுங்கள். முதல் வருஷம் 30 குறைவு, 0.893-இன் முப்பது மடங்கு 26.79 கழிக்க. இரண்டாம் வருஷம் 20 கூடுதல், 15.94 கூட்ட. மூன்றாம் வருஷம் 5 கூடுதல், 3.56. நாலாம் வருஷம் 30 கூடுதல், 19.08. ஐந்தாம் வருஷம் 10 குறைவு, ஆனால் பழைய விலை 30 வருகிறது, ஆகமொத்தம் 20 கூடுதல், 11.34. எல்லாம் சேர்த்து 383.63. அதே விடை, ஆனால் பெருக்கியது எல்லாம் 30, 20, 5 என்ற எண்களால், வாயாலேயே சொல்லிவிடலாம். விடைத்தாளில் ஆண்டுவாரி அட்டவணையை எழுதிவிட்டு, ஓரத்தில் இந்த மாதிரி போட்டுச் சரிபார்க்கிறவர்களும் உண்டு. இரண்டு வழியும் பொருந்தினால் அந்தக் கேள்வியை மறந்துவிடலாம்.

வரவுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் 40, 210, 15 என்று இருந்தால் இந்த வித்தை பலன் தராது, விலகல் எண்களே பெரிதாகிவிடும். அப்போது நேராகவே போங்கள்.

அட்டவணையே வேண்டாம் என்கிறவர்கள்

இவர்களை முழுக்கக் கிண்டல் செய்ய முடியாது. காரணி என்பது 1/(1+r)^n, r வட்டி, n வருஷம், அவ்வளவுதான். 12%-க்கு ஐந்தாம் வருஷக் காரணி வேண்டுமென்றால் ஐந்து தடவை வகுக்க வேண்டியதில்லை. 1.12-ஐ 1.12-ஆல் பெருக்கினால் 1.2544, அதை அதனாலேயே பெருக்கினால் 1.5735, இன்னொரு 1.12 பெருக்கினால் 1.7623. ஒன்றை அதால் வகுத்தால் 0.5674. மேலே சொன்ன சோதனையைத் திருப்பிப் போட்டால் அனுயிட்டி காரணியும் கிடைக்கும், 1-இலிருந்து 0.5674 போக 0.4326, அதை 0.12-ஆல் வகுத்தால் 3.605. மூன்று பெருக்கல், இரண்டு வகுத்தலில் இரண்டு காரணியும் கையில்.

ஆனால் அட்டவணையில் விரல் வைத்தாலே கிடைக்கிற எண்ணுக்கு எதற்கு இந்தப் பாடு? 1.7623-ஆல் நெடுமுறை வகுத்தல் செய்யும்போது ஒரு இலக்கம் நழுவினால் தெரியக்கூடத் தெரியாது. அதைவிட மோசம், இரண்டு தசமத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள். 1/1.12-ஐ 0.89 என்று எழுதிவிட்டு அதையே ஐந்து தடவை பெருக்கினால் 0.558 வரும், உண்மையில் 0.567. ஒவ்வொரு படியிலும் விட்ட கடுகளவு அடுத்த படியில் சேர்ந்துகொண்டே போகிறது. கையால் போடுவதென்றால் நாலு தசமத்துக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு போகவேண்டும்.

கைக்கணக்கு ஜெயிக்கிற இடம் ஒன்று உண்டு, அட்டவணையில் இல்லாத விகிதம். அச்சடித்த அட்டவணைகள் பெரும்பாலும் முழு சதவீதத்துக்குத்தான் இருக்கும். கேள்வியில் 12.5% என்று போட்டிருந்தால்? இங்கே 1.125 என்பது ஒன்பதில் எட்டுக்குத் தலைகீழ், அதாவது வருஷக் காரணி 8/9. ஒவ்வொரு வருஷத்துக்கும் முந்தைய எண்ணிலிருந்து ஒன்பதில் ஒரு பங்கைக் கழித்தால் போதும்: 0.8889, 0.7901, 0.7023, 0.6243, 0.5549. கூட்டினால் 3.5605. ஒன்பதால் வகுப்பது எல்லோருக்கும் வாய்ப்பாட்டிலேயே வரும். இதே மாதிரி 25% வந்தால் காரணி 4/5, 20% வந்தால் 5/6. இவை பெரும்பாலும் அட்டவணையிலேயே இருக்கும், ஆனாலும் சரிபார்க்க உதவும்.

அட்டவணையை விடமாட்டேன் என்கிறவர் 12%-க்கும் 13%-க்கும் நடுவில் இடைச்செருகல் போடுவார். 3.605-ம் 3.517-ம் கூட்டிப் பாதி, 3.561. பி.வி. காரணி 0.567-க்கும் 0.543-க்கும் நடுவில் 0.555. 110-ஐ 3.561-ஆல் பெருக்கினால் 391.71, பழைய விலை 16.65, மொத்தம் 408.36, என்.பி.வி. 8,360 ரூபாய். கையால் போட்டவருக்குச் சுமார் 8,300 வந்திருக்கும். அறுபது ரூபாய்க்காக யாரும் அடித்துக்கொள்ள மாட்டார்கள். இந்த இடத்தில் இரண்டு பேரும் சமம், சொல்லப்போனால் இடைச்செருகல் வேகமானது.

கதை மாறுவது, கேள்வித்தாளில் முழு அட்டவணையையும் கொடுக்காமல் 10%, 15% பத்திகளை மட்டும் கொடுத்திருக்கும்போது. 10%-க்கு 3.791, 15%-க்கு 3.352, பாதி 3.5715. பி.வி. காரணி 0.621-க்கும் 0.497-க்கும் பாதி 0.559. இதில் போட்டால் என்.பி.வி. 9,635 வந்து நிற்கும், ஆயிரத்து முந்நூறு ரூபாய் அதிகம். வட்டி ஏற ஏற காரணி நேர்கோடாக இறங்குவதில்லை, முதலில் வேகமாக இறங்கி அப்புறம் மெதுவாகும் வளைகோடு அது. இரண்டு புள்ளிகளை நேர்கோட்டில் இணைத்தால் அந்தக் கோடு எப்போதும் வளைவுக்கு மேலேதான் ஓடும், அதனால் இடைச்செருகல் காரணி எப்போதும் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும், குறைவாக வராது. ஒரு சதவீத இடைவெளியில் அது தெரியாத அளவு, ஐந்து சதவீத இடைவெளியில் தெரிகிற அளவு. வரவு மட்டும் உள்ள கணக்கில் என்.பி.வி. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஆயிரம் ரெண்டாயிரம் லாபம் காட்டினால், அகலமான இடைச்செருகலை நம்பி 'ஏற்கலாம்' என்று எழுதாதீர்கள், கையால் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

அட்டவணையைப் பின்னாலிருந்து படிப்பது

கடைசியாக ஒன்று, இதில் அனுயிட்டி டேபிளுக்குப் போட்டியே கிடையாது. பழைய விலை இல்லை, வருஷத்துக்கு 110 மட்டும்தான், என்.பி.வி. பூஜ்யமாகிற வட்டி, அதாவது அக வருவாய் விகிதம், என்ன என்று கேட்டால், 400-ஐ 110-ஆல் வகுங்கள், 3.636. ஐந்தாம் வரிசையில் விரலை வைத்து இடமிருந்து வலமாக நகர்த்துங்கள்: 10%-இல் 3.791, 11%-இல் 3.696, 12%-இல் 3.605. நம் எண் 11-க்கும் 12-க்கும் நடுவில். 3.696-இலிருந்து 3.636-க்கு இறங்கியது 0.060, மொத்த இடைவெளி 0.091, மூன்றில் இரண்டு பங்கு. ஆக, 11.66% பக்கம். வருஷம் வருஷமாகப் போகிறவர் இதற்கு ஒவ்வொரு விகிதமாக முழுக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும், கையால் வகுக்கிறவருக்கோ மணி அடித்துவிடும்.

பழைய விலை 30-ஐயும் சேர்த்துக் கேட்டிருந்தால் இந்த ஒரே வகுத்தல் போதாது, ஆனால் எங்கே தேடத் தொடங்குவது என்பதை அது காட்டிவிடும். பழைய விலை சேர்ந்தால் விகிதம் ஏறத்தான் செய்யும், 12%-இல் இன்னும் 13,560 மிச்சம் நிற்கிறது என்று மேலேயே பார்த்தோம். நேராக 14% பத்திக்குப் போங்கள்: 110-ஐ 3.433-ஆல் பெருக்க 377.63, 30-ஐ 0.519-ஆல் பெருக்க 15.57, மொத்தம் 393.20, ஆக 6,800 குறைவு. 12%-இல் 13,560 கூடுதல், 14%-இல் 6,800 குறைவு, இந்த இரண்டும் சேர்ந்து 20,360, அதில் 13,560 என்பது மூன்றில் இரண்டு பங்கு. இரண்டு சதவீத இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் 1.33, விடை 13.3%.